கல்லில் எழுதிய கணக்கு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று மாலை இசையும் நாடகமும் நிறைந்த நிகழ்ச்சிகளுக்கு நடுவே எனக்கும் சிறிது நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் புலவன் அல்லன். மெட்ரிகுலேஷன் வரையிலேதான் படித்தவன். ரெயில்வே அலுவலகத்திலே நாள்தோறும் பேரேட்டைப் புரட்டிப் பிழைப்பவன். ஆகையால் கல்வெட்டுகளைப் படிக்கப் புகுந்தபோதும் என் கண் கவிதையைத் தேடிச் செல்லவில்லை. கணக்கைத் தேடியே சென்றது. தேடியது வீண்போகவில்லை. நம் நாட்டுக் கோயிற் சுவர்களிலே பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளில் மிகப் பெரும்பகுதி கணக்குத்தான். யார், என்ன கொடுத்தார், அதை யார் பெற்றுக்கொண்டார், அதற்கு ஈடாக ஆண்டுதோறும் என்ன செலுத்தவேண்டும் என்பதே அவற்றின் பொருள்.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது நாம் குடும்பத்தோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறோம். விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். நந்தியைச் சுற்றி வருகிறோம். ஆனால் விமானத்தின் அடிப்பகுதியில், நம் இடுப்பளவு உயரத்தில், வரிவரியாக ஓடும் எழுத்தை நின்று பார்ப்பவர் சிலரே. அந்த வரிகள் ஒரு பேரேடு. அந்தப் பேரேட்டிலிருந்து இரண்டு பக்கங்களை மட்டும் இன்று உங்கள் முன் திறந்து காட்ட விரும்புகிறேன். ஒன்று விளக்குக் கணக்கு. மற்றொன்று வாழைப்பழக் கணக்கு.

முதலில் அந்தப் பேரேடு எப்படித் தோன்றியது என்பதைச் சொல்லவேண்டும். முதலாம் இராசராச சோழன் கி. பி. 985ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். தன் ஆட்சியின் 26ஆம் ஆண்டு, 20ஆம் நாளில், அவன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவையும், தன் தமக்கை குந்தவையார் கொடுத்தவையும், தன் தேவியர் கொடுத்தவையும், மற்றையோர் கொடுத்தவையும் ஆகிய அனைத்தையும் விமானத்திலே கல்லில் வெட்டவேண்டும் என்பது அவ்வாணை. அரசனுக்கும் மற்றையோருக்கும் ஒரே பேரேடு என்பதைக் கவனிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றைப் படியெடுத்து, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியில் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சேற்றினார். கோயிலுக்குப் போக இயலாதவரும் அந்நூலைக் கொண்டு வரிவரியாகப் படிக்கலாம்.

அந்தக் கணக்கர்களின் கண்டிப்பு வியப்பூட்டுவது. பொன்னை நிறுப்பதற்கு ‘ஆடவல்லான்’ என்ற பெயருள்ள கல். மணிகளை நிறுப்பதற்கு ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்ற பெயருள்ள கல். நெல்லை அளப்பதற்கும் ‘ஆடவல்லான்’ என்ற மரக்கால். இறைவன் பெயரையே எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் வைத்திருந்தார்கள். முத்து மாலையை நிறுத்தால் சரட்டின் எடை நீக்கப்பட்டதா, அரக்கு உட்பட நிறுத்ததா என்று தனித்தனியே குறித்தார்கள். இத்தகைய கணக்கரை நம்பி அவர்களுடைய எண்களை மறுபடியும் கூட்டிப் பெருக்கிப் பார்க்கலாம்.

இனி விளக்குக் கணக்குக்கு வருவோம்.

கருவறையிலே இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கை நந்தா விளக்கு என்பார்கள். ஒரு நந்தா விளக்குக்கு நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும் என்பது தஞ்சைக் கோயிலில் வகுத்த அளவு. நம் பழைய முகத்தலளவையை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். நான்கு உழக்கு கொண்டது ஒரு நாழி. எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி கொண்டது ஒரு கலம். இந்த மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இன்றைய கணக்கு முழுதும் விளங்கிவிடும்.

ஒருவர் ஒரு விளக்கு எரிக்க விரும்பினால் நெய் வாங்கிக் கொடுக்கவில்லை, ஆடு கொடுத்தார். ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடு இல்லையேல் 48 பசு. பசுவும் இல்லையேல் 16 எருமை. இந்தக் கால்நடைகள் கோயில் வாசலிலே கட்டிவைக்கப்படவில்லை. இன்ன ஊர் இடையன் இன்னான் என்று பெயர் குறித்து அவனிடம் ஒப்படைக்கப்பட்டன. அவன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கவேண்டும். அந்தப் பொறுப்பு அவனோடு நிற்கவில்லை. அவனுடைய உறவுமுறையாரும் அதில் சேர்க்கப்பட்டனர்.

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் கொடுத்திருக்கும் பெயர் மிக அழகானது: ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, முதுமை அடையாத ஆடு என்பது பொருள். உலகத்திலே சாகாத ஆடு ஏது என்று நீங்கள் நகைக்கலாம். ஆடு சாகும், ஆட்டின் எண்ணிக்கை சாகாது. கிழடான ஆட்டுக்குப் பதிலாக மந்தையிலே பிறந்த குட்டி நிற்கும். ஓர் ஆடு நோயில் மடிந்தாலும், களவு போனாலும், 96 என்ற எண் குறையாமல் பார்த்துக்கொள்வது இடையனுடைய கடமை. நம் அலுவலக வழக்கிலே சொன்னால், இந்த முதல் அழிவதே இல்லை. தேய்மானமும் நட்டமும் பெற்றவனைச் சேர்ந்தவை. ஒரு கணக்கு விதியை நம் முன்னோர் மூன்று சொற்களில் சொல்லிவிட்டார்கள்.

இது இடையனுக்கு இழப்பா, இலாபமா? கணக்கிட்டுப் பார்ப்போம். அக்காலக் கோயிற் கணக்கில் ஆண்டுக்கு 360 நாள். ஆகவே ஆண்டுக்கு 360 உழக்கு நெய், அதாவது 90 நாழி. இதனை 96 ஆடுகளுக்குப் பங்கிட்டால் ஓர் ஆட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரு நாழிக்கும் சற்றுக் குறைவான நெய்தான் வருகிறது. பசுவானால் இரண்டு நாழிக்குச் சற்றுக் குறைவு. எருமையானால் ஐந்தரை நாழிக்குச் சற்று மிகுதி. மந்தையிலே எல்லாம் ஒரே சமயத்தில் பால் கறப்பதில்லை; கன்று ஈனாததும், பால் வற்றியதும் இருக்கும். அப்படி இருந்தும் இது மிதமான சுமையே. அளக்கவேண்டிய நெய்க்கு மேல் கிடைத்த பாலும், மந்தை பெருகினால் மிகுந்த குட்டிகளும் இடையனுக்கு மிஞ்சியிருக்கவேண்டும். அந்த மிச்சமே அவனுடைய கூலி. நல்ல மழைக் காலத்தில் அவனுக்கு இது ஒரு மூலதனம். புல் காய்ந்த காலத்திலோ, குறையாத கடன்.

வேறு ஊர்க் கல்வெட்டுகள் சிலவற்றில் 96க்குப் பதிலாக 90 ஆடு என்று வருகிறது. ஆகையால் தஞ்சைக் கணக்கை நாடு முழுவதற்கும் உரிய விதியாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு கோயிலின் அளவையும் வழக்கமும் அதனதன் சுவரிலேயே தேடவேண்டும்.

இரண்டாவது பக்கம் வாழைப்பழக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. ஏனெனில் இதன் கூட்டலும் பெருக்கலும் ஒரு காசுகூடப் பிசகாமல் நிற்கின்றன.

பெரிய கோயிலின் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்கவேண்டும் என்று இராசராசன் ஏற்பாடு செய்தான். நாளைக்கு 150 என்றால் 360 நாளுக்கு 54,000 பழம். அன்றைய விலை காசு ஒன்றுக்கு 1,200 பழம். ஆகவே ஆண்டுக்கு 45 காசு தேவை. அரசன் ஆண்டுதோறும் கருவூலத்திலிருந்து 45 காசு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. ஒரே முறையாக 360 காசு கொடுத்தான். அந்தக் காசும் கோயிற் பெட்டிக்குள் போகவில்லை. தஞ்சாவூர் நகரத்து வணிகர்களிடம் முதலாக வைக்கப்பட்டது. அவர்கள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்தவேண்டும். பொலிசை என்பது வட்டி. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. இன்றைய வழக்கிலே நூற்றுக்குப் பன்னிரண்டரை. முந்நூற்றறுபதில் எட்டில் ஒன்று எவ்வளவு? நாற்பத்தைந்து! பழத்தின் விலையும் வட்டியும் நேருக்கு நேர் பொருந்துகின்றன.

இந்த ஒரு கணக்கிலிருந்து எத்தனை செய்திகள் கிடைக்கின்றன! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்திலே பழம் என்ன விலைக்கு விற்றது என்று தெரிகிறது. வட்டி விகிதம் தெரிகிறது. காசை வாங்கி வாணிகத்திலே புரட்டி, தவறாமல் வட்டி கட்டக்கூடிய வணிகர் கூட்டம் இருந்தது என்று தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடை என்பது செலவாகிப் போகும் பொருளாக இல்லாமல், கடனாக மக்களிடையே உலவும் பொருளாக இருந்தது என்பது தெரிகிறது.

வணிகர்களுக்குக் காசு, உழவர் ஊர்களுக்கோ நெல். அரசனுடைய தமக்கை குந்தவையார் தம் தந்தைக்கும் தாய்க்கும் இக்கோயிலில் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவித்து, அவற்றின் பூசைக்காகக் காசு கொடுத்தார். அக்காசை ஊர்ச் சபையார் பெற்றுக்கொண்டனர். அதற்குப் பொலிசை காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு மூன்று குறுணி நெல். நூறு காசு வாங்கிய சபை ஆண்டுதோறும் முந்நூறு குறுணி, அதாவது 25 கலம் நெல்லை ஆடவல்லான் மரக்காலால் அளந்து தஞ்சையிலே கோயிற் பண்டாரத்தில் சேர்க்கவேண்டும்.

வணிகர் கட்டிய வட்டியும் உழவர் கட்டிய வட்டியும் ஒன்றா, வேறா? இதைக் கண்டுபிடிக்கவும் கல்வெட்டிலேயே வழி இருக்கிறது. அக்காலத்திலே காசு ஒன்றுக்கு இரண்டு கலம் நெல் என்ற விலை இக்கோயிற் கணக்கிலே ஆளப்பட்டிருக்கிறது. இரண்டு கலம் என்பது 24 குறுணி. இருபத்துநான்கில் எட்டில் ஒன்று மூன்று. ஆக, மூன்று குறுணி நெல்லும் அரைக்கால் காசும் ஒன்றே. ஆண்டவன் கணக்கிலே வணிகனுக்கு ஒரு வட்டி, உழவனுக்கு ஒரு வட்டி என்று இல்லை.

ஆனால் ஓர் ஐயம் எழவேண்டும். நெல்லின் விலை ஆண்டு முழுதும் ஒன்றாக இருந்திருக்குமா? அறுவடைக் காலத்தில் ஒரு விலை, ஆடி மாதத்தில் ஒரு விலை என்பது நாம் அறிந்ததே. எனவே காசுக்கு இரு கலம் என்பதைக் கடைத்தெரு விலை என்று கொள்ளாமல், கணக்குக்காக வகுத்த விலை என்றே கொள்ளவேண்டும். இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. வட்டியை நெல்லாகவே கேட்டதால், நெல் விலை ஏறினாலும் கோயிற் சோற்றுக்குக் குறைவு வராது. விலை ஏற்றத்தின் சுமை ஊர்ச் சபையைச் சேரும். வணிகரிடம் காசாகக் கேட்டதால், பழத்தின் விலை ஏறினால் அந்தச் சுமை கோயிலைச் சேரும். ஆயிரம் ஆண்டுக்குப் பின் பிள்ளையாருக்கு 150 பழம் கிடைத்திருக்குமா, பதினைந்து கிடைத்திருக்குமா என்பது இந்த வேறுபாட்டிலே அடங்கியிருக்கிறது.

இந்த எண்களின் அளவை உணர்வதற்கு ஓர் ஒப்புமை சொல்லுகிறேன். அதே கோயிலில் ஆடலுக்காக 400 பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். காசுக்கு இரு கலம் என்ற கணக்குப்படி அது 50 காசு. பிள்ளையாரின் பழச் செலவு 45 காசு என்று பார்த்தோம். ஓர் ஆடற்கலைஞர் குடும்பத்தின் ஓராண்டு வாழ்வுக்கு ஏறத்தாழச் சமமான செலவு அது. விளக்குக் கணக்கில் ஆடு ஒன்றின் விலை காசில் மூன்றில் ஒன்று. எனவே 96 ஆடு 32 காசு பெறும். அதே 32 காசை வட்டிக்கு விட்டிருந்தால் ஆண்டுக்கு நான்கு காசு, அதாவது எட்டுக் கலம் நெல் வந்திருக்கும். அரசன் மட்டுமன்றி, அவனுடைய அதிகாரிகளும் படையினரும்கூட விளக்குக்குக் கொடுக்க முன்வந்தது ஏன் என்பதை இந்தத் தொகை விளக்குகிறது. வாழைப்பழ நிவந்தத்துக்கு 360 காசு வேண்டும். விளக்குக்கு 32 காசின் மதிப்புள்ள மந்தை போதும்.

அன்பர்களே! இதுவரை சொன்னதைக் கேட்டு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கல்வெட்டு ஓர் ஒப்பந்தப் பத்திரம். பத்திரத்திலே எழுதியது நடந்ததா என்பதைப் பத்திரமே சொல்லாது. ‘சந்திர சூரியர் உள்ளவரை’ என்று வெட்டியிருக்கும். சந்திரனும் சூரியனும் இன்றும் இருக்கிறார்கள். அந்த விளக்குகள் எத்தனை எரிகின்றன?

நல்ல வேளையாக, தவறு நேர்ந்ததைச் சொல்லும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. வேலூருக்கு அருகே உள்ள திருவல்லத்திலே, இராசராசன் காலத்தில், மதுராந்தகன் கண்டராதித்தன் என்ற அதிகாரி இறைவனை வழிபட வந்தார். ஆயிரங் குடம் நீராட்டினார். அப்போது அவர் கண்டது என்ன? படையல் இருநாழி அரிசியாகச் சுருங்கிப் போயிருந்தது. கறியமுதும் நெய்யமுதும் தயிரமுதும் நின்றுபோயிருந்தன. நந்தா விளக்குகள் பேணப்படாமல் கிடந்தன. உடனே அவர் கோயிற் சிவப்பிராமணரையும் ஊர்ச் சபையாரையும் அழைத்து, இறைவனுக்குரிய வரவு செலவுகளை எடுத்துக் காட்டுமாறு கேட்டார். நம் காலத்துத் தணிக்கை அதிகாரி வந்தால் என்ன கேட்பாரோ அதையே அவர் கேட்டார். முதல் அழியவில்லை என்று கல் சொன்னது. விளக்கு எரியவில்லை என்று கண் சொன்னது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஒரு மனிதர் வந்து கேட்கவேண்டியிருந்தது.

சபையார் எல்லாரும் நேர்மையற்றவர் என்று சொல்லவும் முடியாது. ஒரு தலைமுறையினர் காசை வாங்கி ஏரியை வெட்டியிருப்பர், நிலத்தைத் திருத்தியிருப்பர். நான்காம் தலைமுறையினர் அந்தக் காசைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டுதோறும் நெல் அளக்கவேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் எட்டு ஆண்டுகளில் வாங்கிய முதல் முழுதும் வட்டியாகப் போய்விடும். ஒன்பதாம் ஆண்டு முதல் அளப்பது எல்லாம் மேற்கொண்டு கொடுப்பதே. முதலைத் திருப்பிக் கொடுத்து விடுதலை பெறும் வழி இந்தப் பத்திரங்களில் இல்லை. நிலையான தருமம் என்பது நிலையான கடனின் மறுபக்கம். கல்லிலே கொடுத்தவருடைய பெயர் பெரிதாக இருக்கிறது. அளந்தவருடைய வியர்வை எழுதப்படவில்லை.

அதே நேரத்தில், ஊர் தவித்தபோது கோயில் கைகொடுத்ததும் உண்டு. 11ஆம் நூற்றாண்டின் நடுவிலே தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஆலங்குடியிலே பஞ்சம் வந்தது. உண்ணவும் விதைக்கவும் நெல் இல்லை. அவ்வூர்ச் சபையார் கோயிற் பண்டாரத்திலிருந்து ஆயிரங் கழஞ்சுக்கு மேற்பட்ட பொன்னும், அதனோடு வெள்ளியும் கடனாகப் பெற்றனர். பல தலைமுறையினர் அணிகலனாகவும் பாத்திரமாகவும் கொடுத்து வைத்திருந்த செல்வம், பஞ்ச காலத்திலே ஊராரின் வயிற்றுக்கு நெல்லாக மாறியது. ஆனால் அதுவும் இனாம் அல்ல. வட்டிக்கு ஈடாக ஊரார் நிலத்தை ஒதுக்கிக் கொடுக்கவேண்டியிருந்தது. பஞ்சம் நீங்கிய பின்னும் அந்த நிலத்தின் விளைவு கோயிலுக்கே சென்றது. கோயில் ஊரைக் காத்தது என்பதும் உண்மை. ஊரின் நிலம் கோயிலை நோக்கி நகர்ந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கல்லில் படிக்கிறோம்.

இறுதியாக, கல்வெட்டைச் சான்றாகக் கொள்ளும்போது எச்சரிக்கையாக இருக்கவேண்டிய ஓர் இடத்தைச் சொல்லவேண்டும். நாம் பார்க்கும் கல்லே முதற் கல் என்று நினைக்கலாகாது. செம்பியன் மாதேவியார் பழைய கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லால் புதுப்பித்த காலத்தில், உடைந்தும் சிதறியும் கிடந்த பழைய சாசனங்களைப் புதுச் சுவரிலே மீண்டும் வெட்டுவித்தார். திருக்கோடிக்காவலில் இவ்வாறு மீண்டும் வெட்டியவற்றைக் காணலாம். அவற்றிலே ‘இதுவும் ஒரு பழங்கல்லுப்படி’ என்று நேர்மையாகக் குறித்திருக்கிறார்கள். படி என்றால் நகல். நம் அலுவலகங்களிலே ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்துகிறோமே, அதைப் போன்றதே இது. திருமழபாடியில் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் புதிதாக எடுக்கச் சொன்னபோது, பழைய கல்வெட்டுகளை முன்னதாகப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை மறுபடியும் சுவரில் ஏறின. இடையிலே எத்தனையோ ஆண்டுகள் அந்தக் கொடைகள் புத்தகத்தில் மட்டுமே உயிர் வாழ்ந்தன.

ஆகவே எழுத்தின் வடிவம் ஒரு காலத்தையும், உள்ளே குறித்த அரசன் பெயர் முந்திய ஒரு காலத்தையும் காட்டினால், அதைப் பொய்ச் சாசனம் என்று அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது, நகலாக இருக்கலாம். பழங்கல்லுப்படி என்ற சொல் எங்காவது தென்படுகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அதுபோலவே வரி பாதியில் நின்றால் கொடை பாதியில் நின்றது என்று கொள்ளலாகாது. பிற்காலத்தில் கட்டிய மண்டபத்துச் சுவரின் பின்னே மீதி மறைந்திருக்கலாம். திருப்பணியின்போது கல்லைக் கொத்திப் பளபளப்பாக்கிவிட்டாலோ, அந்த ஒப்பந்தம் என்றைக்குமாக மறைந்துபோகும். அதற்கு வேறு படி இல்லை.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, தாய்மார்களே, குழந்தைகளுக்கு விமானத்தின் உயரத்தைக் காட்டிய பின் அதன் அடியிலே ஓடும் வரிகளையும் காட்டுங்கள். எழுத்து விளங்காவிட்டால், அச்சான தொகுதியின் துணையோடு நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். கொடுத்தவர் யார்? பெற்றுக்கொண்டவர் யார்? எந்த அளவையால், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை? நட்டம் வந்தால் யாரைச் சேரும்? இந்த நான்காம் கேள்விக்கு விடை பெரும்பாலும் நேராக எழுதியிருக்காது. ‘சாவா மூவா’ என்பதைப் போன்ற ஒரு சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கும். அரசன் எத்தனை போர்களில் வென்றான் என்பது மெய்க்கீர்த்தியிலே முன்னால் முழங்கும். ஓர் இடையன் வீட்டுக் கூரையின் கீழ் நாள்தோறும் கடைந்த ஓர் உழக்கு நெய் எங்கே சென்றது என்பது பின்னால், கணக்குப் பகுதியிலே இருக்கும். நாட்டின் வரலாற்றில் பாதி அந்தப் பின்பகுதியில்தான் இருக்கிறது.